கட்டில், சோபா, மேஜை: எத்தனை மீட்டர் ஒயர்?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். "போனோடு வந்த சார்ஜர் ஒயர் கட்டில் வரைக்கும் எட்டவில்லை. கடையில் நீளமான ஒயர் வாங்கினேன். எட்டுகிறது, ஆனால் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. சார்ஜரை மாற்றுவதா, போனை மாற்றுவதா?" அனுப்பர்பாளையத்தில் இருந்து ஒரு சகோதரி, பல்லடத்தில் இருந்து ஒரு தறிக்காரர், பெருமாநல்லூர் பக்கம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று எல்லோருக்கும் இதே சங்கடம்.

நம் திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி கூடுதலாக எழுவதற்குக் காரணம் உண்டு. லைன் வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு சுவிட்ச் போர்டுதான் இருக்கும். அதையும் வாசல் நிலைக்குப் பக்கத்தில், நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருப்பார்கள். கட்டிலோ எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கும். இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வாங்குபவர்களோடு இரவு நேரத்தில் பேச வேண்டிய மெர்ச்சண்டைசர்களுக்கும் போன் தலைமாட்டிலேயே இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அந்த நேரத்தில் போன் வாசலோரம் தொங்கிக் கொண்டிருந்தால் யாருக்கு என்ன பயன்? அதனால்தான் நீள ஒயரைத் தேடிப் போகிறோம்.

சார்ஜரையும் மாற்ற வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் சிக்கல் ஒயருக்குள் இருக்கும் தாமிரத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டால், எந்த இடத்துக்கு எவ்வளவு நீளம் வாங்குவது என்ற முடிவு தானாகவே வந்துவிடும்.

சார்ஜர் ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே பொதுவாக நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. மற்ற இரண்டும் தகவல் போக. சிவப்பில் போகும் மின்சாரம் போனுக்குள் நுழைந்து, கறுப்பு வழியாகச் சார்ஜருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே இரண்டு மீட்டர் ஒயர் என்று நாம் வாங்குவது மின்சாரத்துக்கு நான்கு மீட்டர் பயணம். தாமிரம் நல்ல கடத்திதான் என்றாலும் தடையே இல்லாதது அல்ல. பயணம் நீள நீளத் தடை கூடும், கம்பி மெலிய மெலியவும் தடை கூடும். அந்தத் தடையைத் தாண்டும்போது கொஞ்சம் வோல்ட் வழியிலேயே தீர்ந்துபோய், ஒயரைச் சூடாக்குவதில் கழிகிறது.

கம்பியின் பருமனை கேஜ் என்ற எண்ணால் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நூலில் கவுண்ட் ஏற ஏற நூல் மெலிகிறது அல்லவா? 20ஸ் நூலை விட 40ஸ் நூல் மெல்லியது. கேஜும் அதே போக்குதான்: எண் கூடினால் கம்பி மெலியும். 28 கேஜ் கம்பி மெல்லியது, 24 கேஜ் பருத்தது, 20 கேஜ் இன்னும் பருத்தது. கணக்கு மட்டும் சற்று வேறு. கேஜில் மூன்று எண் கூடினாலே கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 24 கேஜுக்கும் 28 கேஜுக்கும் நடுவே நான்கு எண்தான் வித்தியாசம். ஆனால் தடையில் அது இரண்டரை மடங்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறைந்த விலைப் போன்களோடு வரும் சாதாரண சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும். அதாவது 10 வாட். 24 கேஜ் தாமிரக் கம்பியில் ஒரு மீட்டருக்குத் தடை 0.084 ஓம். ஒரு மீட்டர் ஒயரில் போக வர இரண்டு மீட்டர், தடை சுமார் 0.17 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியில் 0.34 வோல்ட் போகும். போனுக்கு 4.66 வோல்ட் கிடைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே கணக்கை 28 கேஜில், இரண்டு மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். அதன் தடை மீட்டருக்கு 0.213 ஓம். இரண்டு மீட்டர் ஒயரில் போக வர நான்கு மீட்டர், தடை 0.85 ஓம். 2 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது 3.3 வோல்ட். போனின் பேட்டரியோ நிறைய நிறைய 4.2 வோல்ட்டைத் தாண்டும். 3.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு அதை நிரப்ப முடியாது.

இந்த இடத்தில் போன் ஒரு காரியம் செய்கிறது. உள்ளே வரும் வோல்ட் இறங்குவதைப் போனில் உள்ள சார்ஜிங் சிப் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய நாலரை வோல்ட்டுக்குக் கீழே போகப் பார்த்தால், தான் இழுக்கும் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆம்பியர் குறைந்தால் வழியில் போகும் வோல்ட்டும் குறையும். இப்படிக் குறைத்துக் குறைத்து ஓர் இடத்தில் நிலைகொள்ளும். நம் 28 கேஜ் இரண்டு மீட்டர் ஒயரில் அரை வோல்ட் மட்டும் இழக்கலாம் என்றால் ஓடக்கூடியது 0.6 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. போனுக்குள் போவது சுமார் 2.6 வாட். 10 வாட் சார்ஜர் போட்டிருக்கிறோம், கால் பங்குதான் போய்ச் சேருகிறது. சார்ஜர் நல்லது, போன் நல்லது, திரையில் மின்னல் குறியும் தெரிகிறது. சதவீதம் மட்டும் நகராது.

மணிக்கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். இன்று பரவலாக உள்ள 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. வீணாவதையும் சேர்த்து ஒயர் வழியாக 22, 23 வாட்-மணி வர வேண்டும். நல்ல ஒரு மீட்டர் ஒயரில் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும். கடைசிச் சில சதவீதம் எப்போதும் மெதுவாக ஏறும், அதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 24 கேஜில் இரண்டு மீட்டர் என்றால் சுமார் மூன்றரை மணி. 28 கேஜில் இரண்டு மீட்டர் என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து கம்பெனிப் பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு நூறு சதவீதம் ஆகியிருக்காது. சில சார்ஜர்கள் இந்த இழப்பை ஈடுகட்ட 5 வோல்ட்டுக்கு மேல் சற்றுக் கூட்டியே கொடுக்கும். அப்போது நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் 28 கேஜ் 24 கேஜ் ஆகிவிடாது.

நீளம் வேகத்தைத் தின்கிறது என்பது பாதி உண்மைதான். நீளத்துக்கு ஏற்ற தாமிரத்தைப் போட்டால் வேகம் குறையாது. இரண்டு மீட்டர் ஒயரில் ஒரு மீட்டர் ஒயரின் வேகம் வேண்டுமென்றால் கம்பியின் குறுக்குப் பரப்பை இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். நீளம் இரண்டு மடங்கு, பரப்பு இரண்டு மடங்கு என்றால் உள்ளே போகும் தாமிரம் நான்கு மடங்கு. மூன்று மீட்டருக்கு ஒன்பது மடங்கு. கடையில் ஒரு மீட்டர் ஒயரை விட இரண்டு மீட்டர் ஒயர் இருபது ரூபாய்தான் கூடுதல் என்று கொடுத்தால், உள்ளே இருப்பது அதே கம்பிதான், வெறும் நீளம் மட்டுமே கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நூலுக்கும் துணிக்கும் விலைக்கணக்குப் போட்டுப் பழகிய ஊர் இது. ஒயருக்கும் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

டைப்-சி ஒயர்களுக்கான உலகத் தரவிதி இதைத்தான் எழுத்தில் சொல்கிறது. ஒயர் எத்தனை மீட்டராக இருந்தாலும், அது தாங்குவதாகச் சொல்லும் முழு ஆம்பியர் ஓடும்போது போகும் வழியில் அரை வோல்ட்டுக்கு மேலும் திரும்பும் வழியில் கால் வோல்ட்டுக்கு மேலும் இழக்கக் கூடாது. அந்தத் தரவிதியை நம் நாட்டு பி.ஐ.எஸ். அமைப்பும் 2023 ஜனவரியில் இந்தியத் தரமாக வெளியிட்டது. விதியை மதித்துச் செய்யும் நிறுவனத்தின் நீள ஒயர் அதனால்தான் பருத்தும் விறைத்தும் விலை கூடியும் இருக்கும். தெருவோரம் கட்டுக்கட்டாகத் தொங்கும் ஒயர்களில் பல அந்த விதிப் பக்கமே போனதில்லை.

இதுவரை சொன்னது 5 வோல்ட் சார்ஜருக்கு. 9 வோல்ட்டில் வேகமாகச் சார்ஜ் ஆகும் போன் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு, நல்ல செய்தியும்கூட. 18 வாட் சார்ஜர் 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் தருகிறது. 24 கேஜில் இரண்டு மீட்டர் ஒயர் போட்டால் 0.67 வோல்ட்தான் இழப்பு. 5 வோல்ட்டில் அது பெரிய அடி. 9 வோல்ட்டில் 8.3 மிஞ்சும், போனுக்கு அது தாராளம். பன்னிரண்டில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் வீணாகும், வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 9 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, போனும் அதை ஏற்கும் என்றால், இரண்டு மீட்டர் ஒயரைத் தயங்காமல் வாங்கலாம்.

33, 67, 80 வாட் என்று போட்டு வரும் சார்ஜர்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இவற்றில் பல, அந்தந்த நிறுவனத்துக்கே உரிய முறையில் இயங்குபவை. ஆம்பியர் மிக அதிகம். 65 வாட் என்றால் 10 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். அதைத் தாங்கும் தடித்த ஒயரைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில். வெளியே வாங்கிய ஒயரைச் செருகினால் சார்ஜரும் போனும் ஒன்றை ஒன்று அடையாளம் காணாமல் சாதாரண 10 வாட், 18 வாட்டுக்கு இறங்கிவிடும். அரை மீட்டர் ஒயர் வாங்கினாலும் அப்படித்தான். "நீள ஒயர் வாங்கினேன், வேகம் போச்சு" என்று எழுதியவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவர்கள் நீளத்தைக் குறைத்துப் பயனில்லை. அந்த நிறுவனத்தின் ஒயரையோ, அந்த முறைக்குப் பொருந்தும் என்று பெயர் சொல்லி விற்கும் ஒயரையோதான் வாங்க வேண்டும்.

இனி இடங்களுக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் ஓர் இஞ்ச் டேப்பை எடுங்கள். நம் ஊரில் அது இல்லாத வீடு குறைவு. தையல் டேப் முழு நீளம் 60 அங்குலம், அதாவது ஐந்து அடி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஒயர்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று மீட்டர் என்று விற்கின்றன. அடியில் சொன்னால் 3.3, 5, 6.6, கிட்டத்தட்ட 10.

கட்டில் சுவிட்ச் போர்டை ஒட்டியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டு நாலரை அடி உயரத்தில், மெத்தை ஒன்றரை அடி உயரத்தில். இறங்கவே மூன்று அடி ஆகிவிடும். தலையணைப் பக்கம் வர இரண்டு, கையில் எடுத்துப் பார்க்க இன்னும் ஒன்று. மொத்தம் ஆறு அடி. இரண்டு மீட்டர் ஒயர் சரியாக இருக்கும். ஒரு மீட்டர் ஒயரோ போனை அந்தரத்தில் தொங்கவிடும். அந்த எடை முழுவதும் போனின் செருகுவாயில் விழுந்து நாளடைவில் அதைத் தளர்த்திவிடும்.

கட்டிலில் வேகம் பெரிதில்லை என்பது என் திடமான எண்ணம். ஏழு மணி நேரம் தூங்குகிறோம். மூன்றரை மணியில் நிறைந்தால் என்ன, ஐந்து மணியில் நிறைந்தால் என்ன? மெதுவாக ஏறினால் போனும் அவ்வளவாகச் சூடாகாது, பேட்டரிக்கும் அது நல்லது. ஆகவே கட்டிலுக்கு இரண்டு மீட்டர் ஒயர், மின்கம்பி 24 கேஜ் அல்லது அதைவிடப் பருத்தது. அதுவே போதும். பழைய, மெதுவான சார்ஜரைக் கட்டிலுக்கு வைத்துக்கொண்டு வேகமானதை வேறிடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

எதிர்ச் சுவரில் கட்டில் இருப்பவர்கள்தான் பாவம். போர்டில் இருந்து தரைக்கு நாலரை அடி, சுவரோரமாக ஆறு அடி, மெத்தைக்கு ஏற ஒன்றரை, கைக்கு இரண்டு. பதினான்கு அடி, நான்கு மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீளத்தில் 5 வோல்ட்டைக் கொண்டுபோக நினைப்பதே தவறான வழி. 230 வோல்ட்டைக் கொண்டுபோங்கள். அதாவது நீளத்தை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சார்ஜரைக் கட்டிலின் தலைமாட்டில் செருகி, ஒரு மீட்டர் ஒயர் போடுங்கள். 20 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் இழுப்பது மிகக் குறைந்த ஆம்பியர்தான். ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷனில் அதற்கு இழப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஊருக்குள் மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து கடைசியில் டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அந்த பாக்ஸை வாங்கும்போது மட்டும் காசு பார்க்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், மூன்று பின் பிளக் இருக்கட்டும். மெத்தைக்கு அடியிலோ போர்வைக் குவியலிலோ அதை வைக்கக் கூடாது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகி நீட்டக் கூடாது. அயர்ன் பாக்ஸை அதில் போடவே கூடாது. கட்டிலின் கால் ஒயர் மேல் ஏறி நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும் போனைத் தலையணைக்கு அடியில் செருகி வைத்துத் தூங்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவே சூடு வெளியேற வழி கிடையாது. பக்கத்தில் ஒரு முக்காலியோ சுவரில் ஒரு சிறு பலகையோ போதும், தயவுசெய்து போனை அங்கே வையுங்கள்.

சோபாவில் நிலைமை நேர்மாறு. கட்டிலில் நேரம் இருக்கிறது, சோபாவில் இல்லை. வேலைக்கும் வேலைக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி உட்காருகிறோம், அதற்குள் கொஞ்சம் ஏற வேண்டும். போதாததற்கு உட்கார்ந்தபடியே படமும் பார்க்கிறோம். திரையும் இணையமும் ஓடும்போது போனே ஓரிரு வாட் செலவழிக்கும். 28 கேஜ் ஒயரில் வரும் 2.6 வாட்டில் அது போக என்ன மிஞ்சும்? "சார்ஜில் போட்டும் குறைந்துகொண்டே போகிறது" என்ற புகார் பெரும்பாலும் சோபாவில் பிறப்பதற்குக் காரணம் இதுதான். இங்கேதான் நல்ல ஒயருக்குப் பணம் போட வேண்டும். ஒன்றரை மீட்டர் எட்டினால் ஒன்றரை, இல்லாவிட்டால் தடித்த இரண்டு மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். கூடத்தில் ஒயர் நடைபாதையைக் குறுக்கே கடந்தால் குழந்தையின் காலில் மாட்டும், போன் தரையில் விழும். அப்படிக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால், நான் சொல்வது பவர் பேங்க். ஒரு சாண் ஒயரோடு மடியில் வைத்துக்கொள்ளலாம். வேகமும் குறையாது, யார் காலும் தடுக்காது. பவர் பேங்கை இரவில் மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம்.

மேஜைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளக் பக்கத்திலேயே இருக்கும், அரை மீட்டரோ ஒரு மீட்டரோ போதும். மேஜையில் இன்னொரு தேவையும் உண்டு: சாம்பிள் படங்களைப் போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றுவது. மலிவு ஒயர்கள் சிலவற்றில் தகவலுக்கான இரண்டு கம்பிகளே இருக்காது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். ஆகவே கேட்டு வாங்குங்கள். டைப்-சி வழியே லேப்டாப்புக்கும் சார்ஜ் போடுகிறவர்கள் ஒயரில் எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். இரண்டு முனையும் டைப்-சி ஆன சாதாரண ஒயர் 3 ஆம்பியர் வரைதான், அதாவது அதிகபட்சம் 60 வாட். அதற்கு மேல் போக, தலைப்பகுதியில் சிறு சிப் வைத்த 100 அல்லது 240 வாட் ஒயர் வேண்டும்.

கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது? "அக்கா, இது நைலான் பின்னல் போட்டதுங்க, இழுத்தாலும் அறாதுங்க" என்று கடைத்தம்பி சொல்வார். அவர் சொல்வது பொய் இல்லை. பின்னல் உறை உராய்வைத் தாங்கும், முறுக்கிக்கொள்ளாது. பேன்ட் நாடாவும் ஹூடி கயிறும் பின்னும் ஊரில் இருக்கும் நமக்கு அந்தப் பின்னலின் உறுதி தெரியும். ஆனால் மின்சாரம் பின்னலில் ஓடுவதில்லை. உறை பருத்திருப்பதை வைத்து உள்ளே தாமிரம் பருத்திருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரில் சில சமயம் பொடி எழுத்தில் இப்படி அச்சடித்திருப்பார்கள்:

```
28AWG/1P + 24AWG/2C
```

முதல் பாதி தகவலுக்கான ஜோடிக் கம்பி, அது மெல்லியதாக இருந்தால் பாதகமில்லை. இரண்டாவது பாதிதான் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள். அங்கே 24 இருந்தால் இரண்டு மீட்டர் வரை வாங்கலாம். 22, 20 இருந்தால் மூன்று மீட்டரும் வாங்கலாம். அங்கேயும் 28 இருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். அச்சே இல்லை என்றால் பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில ஒயர்களில் முழுத் தாமிரத்துக்குப் பதில், மேலே தாமிரம் பூசிய அலுமினியம் இருக்கும். அலுமினியத்தின் தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எடையோ மிகக் குறைவு. கையில் எடுத்தால் மூன்று மீட்டர் ஒயர் பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் அறுந்துபோன ஒயர் இருந்தால் உள்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். மேலே வெள்ளையும் உள்ளே செம்பு நிறமும் என்றால் வெள்ளீயம் பூசிய தாமிரம், அது நல்லதே.

வாங்கிய பிறகு சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். போன் முப்பது, நாற்பது சதவீதத்தில் இருக்கும்போது, திரையை அணைத்துவிட்டு, போனோடு வந்த ஒயரில் இருபது நிமிடம் போடுங்கள். எத்தனை சதவீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே சதவீதத்தில், அதே சார்ஜரில், நீள ஒயரில் இருபது நிமிடம். முதலில் பதினான்கு ஏறி, அடுத்து பத்து, பதினொன்று ஏறினால் ஒயர் நல்லது. ஐந்து, ஆறுதான் ஏறினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் இந்தச் சோதனை செல்லாது. அங்கே போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிச்ச ஒயரைச் சுருட்டி வைத்தால் வேகம் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். சுருட்டினாலும் நீட்டினாலும் தாமிரம் அதேதான், வேகம் மாறாது. இறுக்கி முடிச்சுப் போட்டால் கம்பி உள்ளே அறும், அதை மட்டும் தவிருங்கள்.

ஒயரைக் குற்றம் சொல்லும் முன் போனின் செருகுவாயையும் ஒருமுறை பாருங்கள். நிட்டிங்கிலும் செக்கிங்கிலும் வேலை பார்க்கிறவர்கள் சட்டைப் பையில் போன் வைத்திருப்பார்கள். காற்றில் மிதக்கும் பஞ்சு மெல்ல மெல்ல அந்த வாய்க்குள் சேர்ந்து, ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் அடியில் போய் அமுங்கிக்கொள்ளும். பிறகு ஒயர் முழுவதும் உள்ளே போகாது, செருகினால் டக்கென்று பிடிக்காது, அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு வரும். எந்த ஒயரை மாற்றினாலும் இது தீராது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் ஓரமாக மெதுவாக நெம்பினால் பஞ்சு ஒரு சிறு திண்டு போல வெளியே வரும். ஊசி, சேப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். டைப்-சியில் நடுவே இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக, விடுதி நடத்தும் கம்பெனி முதலாளிகளுக்கும் லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருமாநல்லூர்த் தம்பியின் அறையில் ஆறு பேர், ஒரே போர்டு. ஆறு பேரின் ஒயரும் ஒருவர் கட்டிலைத் தாண்டி இன்னொருவர் கட்டிலுக்குப் போகிறது. ஒடிசாவிலும் பீகாரிலும் இருக்கும் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேச அந்தப் போன்தான் அவர்களுக்கு வழி. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போதோ ஒயரிங் பார்க்கும்போதோ, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும், மெத்தையில் இருந்து ஓர் அடி உயரத்தில், சுவிட்சோடு ஒரு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் ஒயர் தேவைப்படாது.

அன்புடன்,
ஆசிரியர்